வாங்கிய ஸ்டீம் கணக்கு பூட்டிக்கொண்டால்

வெளியாளிடம் பணம் கொடுத்து வாங்கிய ஸ்டீம் கணக்கு பூட்டிக்கொண்டால், அது திரும்பக் கிடைக்குமா என்பதை ஒரே ஒரு கேள்விதான் முடிவு செய்கிறது: அந்தக் கணக்கை முதன்முதலில் திறந்தவர் யார்? கடைசியாகப் பணம் கொடுத்தவர் யார், இப்போது விளையாடுபவர் யார் என்பதெல்லாம் அங்கே கணக்கில் வராது. இதைப் புரிந்துகொண்டால், எதற்கு முயல வேண்டும், எதை விட்டுவிட வேண்டும், எதையாவது காப்பாற்ற முடியுமா என்பது தெளிவாகிவிடும்.

ஸ்டீம் என்பது அமெரிக்காவின் வால்வ் நிறுவனம் 2003 செப்டம்பரில் தொடங்கிய கணினி விளையாட்டுக் கடை. விளையாட்டுகளைக் காசு கொடுத்து வாங்கினால் அவை ஒரு கணக்கில் சேரும். அந்தக் கணக்கில் நுழைந்து எந்தக் கணினியிலும் விளையாடலாம். நாற்பது, ஐம்பது விளையாட்டுகள் சேர்ந்த ஒரு கணக்கின் கடை விலை பல ஆயிரம் ரூபாய் ஆகும். அதையே மூவாயிரத்துக்கும் நாலாயிரத்துக்கும் தருவதாக டெலிகிராம் குழுக்களிலும் இணையச் சந்தைகளிலும் விற்பவர்கள் இருக்கிறார்கள். வாங்கியவருக்குப் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் வரும். சில வாரங்களோ மாதங்களோ நன்றாக ஓடும். பிறகு ஒரு நாள் உள்ளே நுழைய முடியாது.

ஒப்பந்தம் சொல்வது

ஸ்டீமில் சேரும்போது எல்லோரும் ஒப்புக்கொள்ளும் பயனர் ஒப்பந்தம், கணக்கை விற்கக் கூடாது, பயன்படுத்தும் உரிமைக்குக் காசு வாங்கக் கூடாது, வேறொருவருக்கு மாற்றித் தரவும் கூடாது என்று நேரடியாகவே சொல்கிறது. விளையாட்டை வாங்குபவருக்குக் கிடைப்பது பொருள் அல்ல, விளையாடுவதற்கான உரிமம் மட்டுமே. 2024 அக்டோபரிலிருந்து பணம் செலுத்தும் பக்கத்திலேயே ஸ்டீம் இதை எழுதிக் காட்டுகிறது. உரிமம் கொடுக்கப்பட்டது கணக்கைத் திறந்தவருக்கு. அதை இன்னொருவருக்கு விற்க அவருக்கே அதிகாரம் இல்லை. அதனால் விற்பவர் நேர்மையானவராகவே இருந்தாலும், வாங்கியவர் கையில் வருவது கதவைத் திறக்கும் கடவுச்சொல் மட்டும்தான். வீடு இன்னும் பழைய ஆளின் பெயரில்தான் இருக்கிறது.

விற்பவர்கள் இந்த இடத்தில் ஒரு சமாதானம் சொல்வார்கள். மின்னஞ்சலையும் வாங்குபவரின் பெயருக்கு மாற்றித் தருவதாகவும், அதற்குப் பிறகு யாரும் திரும்பப் பெற முடியாது என்றும் உறுதி தருவார்கள். மின்னஞ்சலை மாற்ற முடியும் என்பது உண்மை. ஆனால் முன்பு எந்த மின்னஞ்சல் இருந்தது, எந்த அட்டையில் பணம் செலுத்தப்பட்டது என்ற பழைய விவரங்களும் கணக்கின் வரலாற்றில் இருக்கின்றன. சிக்கல் வரும்போது ஸ்டீம் சப்போர்ட் அந்த வரலாற்றைத்தான் பார்க்கிறது.

எந்தப் பூட்டு என்று கண்டுபிடித்தல்

பூட்டு ஒரே வகை அல்ல. எது விழுந்திருக்கிறது என்று தெரியாமல் முயன்றால் நேரம்தான் வீணாகும். திரையில் வரும் செய்தியையும் மின்னஞ்சல் பெட்டியையும் முதலில் பார்க்க வேண்டும்.

முதல் வகை, பாதுகாப்புக்காக விழும் பூட்டு. புதிய ஊர், புதிய கணினி என்று வழக்கத்துக்கு மாறான நுழைவு தெரிந்தால் ஸ்டீம் கணக்கை நிறுத்தி வைத்துக் கடவுச்சொல்லை மாற்றச் சொல்லலாம். மாற்றுவதற்கான குறியீடு கணக்கில் பதிவான மின்னஞ்சலுக்கு வரும். அந்த மின்னஞ்சல் வாங்கியவரின் கையில் இருந்தால் சில நிமிடங்களில் திறந்துவிடும். ஆனால் திறந்துவிட்டது என்பதால் உரிமை கிடைத்துவிட்டதாகாது. அடுத்த மூன்று வகைகளில் ஏதாவது ஒன்று எப்போது வேண்டுமானாலும் வரலாம்.

இரண்டாம் வகைதான் அதிகம் நடப்பது: பழைய உரிமையாளர் கணக்கைத் திரும்ப எடுத்துக்கொள்வது. அதற்கு அடையாளம், கடவுச்சொல் தவறு என்று திரை சொல்லும். கணக்கின் மின்னஞ்சல் மாற்றப்பட்டது என்று வாங்கியவரின் பெட்டிக்கு ஒரு கடிதம் வந்திருக்கும். எடுத்துக்கொண்டவர் இருவரில் ஒருவராக இருக்கலாம். ஒருவர், காசு வாங்கிக்கொண்டு அதே கணக்கை இன்னொருவருக்கும் விற்கும் விற்பனையாளர். மற்றவர், கணக்கைத் திருட்டுக் கொடுத்துவிட்டுத் தேடிக்கொண்டிருந்த உண்மையான சொந்தக்காரர். சந்தையில் வரும் கணக்குகளில் திருடப்பட்டவையும் உண்டு என்பதால், வாங்கியவருக்குத் தெரியாமலேயே இப்படி நடந்திருக்கக்கூடும்.

மூன்றாம் வகை, பணத் தகராறால் வருவது. திருட்டுக் கடன் அட்டையால் விளையாட்டுகளை வாங்கி நிரப்பிய கணக்கை விற்பவர்கள் உண்டு. அட்டையின் உண்மையான சொந்தக்காரர் வங்கியில் புகார் செய்ததும் வங்கி அந்தப் பணத்தைத் திரும்பப் பிடித்துக்கொள்ளும். ஸ்டீம் கணக்கின் மேல் கட்டுப்பாடு போடும். இதில் பெரும்பாலும் உள்ளே நுழைய முடியும். ஆனால் எதையும் வாங்கவோ, பரிமாறவோ முடியாது. தகராறுக்குரிய விளையாட்டுகள் பட்டியலில் காணாமல் போயிருக்கும்.

நான்காம் வகை, ஏமாற்று மென்பொருள் பயன்படுத்தியதற்கான தடை. ஸ்டீமின் VAC அமைப்பு போடும் தடை நிரந்தரமானது. தடை போடப்பட்ட விளையாட்டின் பாதுகாக்கப்பட்ட சர்வர்களில் அந்தக் கணக்கு இனி விளையாட முடியாது. தப்பு செய்தவர் பழைய உரிமையாளரா, புதியவரா என்பது பார்க்கப்படுவதில்லை. தடை ஆளுக்கல்ல, கணக்குக்கு. ஸ்டீம் சப்போர்ட்டும் அதை நீக்குவதில்லை. இந்தக் கணக்கில் கடவுச்சொல் வேலை செய்யும் என்பதால் பூட்டு என்று சொல்ல முடியாது. விளையாட்டு மட்டும் நின்றுபோயிருக்கும்.

ஸ்டீம் கேட்கும் சான்று

இரண்டாம் வகைப் பூட்டுக்கு ஸ்டீமின் உதவிப் பக்கமான help.steampowered.com ஒன்றுதான் வழி. உள்ளே நுழைய முடியாதவர்கள் "Help, I can't sign in" என்பதைத் தேர்ந்தெடுத்தால், கணக்கு திருடு போய்விட்டது, மீட்க உதவி வேண்டும் என்று சொல்லும் வாய்ப்பு அடுத்து வரும். பயனர் பெயர் கேட்கப்படும். விளையாட்டில் மற்றவர்களுக்குத் தெரியும் பெயர் வேறு, நுழையப் பயன்படும் பயனர் பெயர் வேறு. முன்னதை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். பின்னதை மாற்றவே முடியாது. பயனர் பெயர் மறந்துபோயிருந்தால் விளையாடிய கணினியிலேயே தேடிப் பார்க்கலாம். விண்டோஸ் கணினியில் வழக்கமான இடத்தில் ஸ்டீம் நிறுவப்பட்டிருந்தால் இந்தக் கோப்பை நோட்பேடில் திறக்க வேண்டும்:

```
C:\Program Files (x86)\Steam\config\loginusers.vdf
```

அந்தக் கணினியில் நினைவில் வைக்கப்பட்ட ஒவ்வொரு கணக்கின் பயனர் பெயரும், அதன் 17 இலக்க அடையாள எண்ணும் அதில் இருக்கும். இந்த எண்ணைக் குறித்து வைத்துக்கொள்வது நல்லது. பெயரும் மின்னஞ்சலும் மாறினாலும் இந்த எண் மாறாது. பின்னால் புகார் எழுதும்போது தேவைப்படும்.

டிக்கெட் பதிவானதும் ஸ்டீம் சப்போர்ட் உரிமைக்குச் சான்று கேட்கும். கணக்கில் முன்பு இருந்த மின்னஞ்சல்களும் தொலைபேசி எண்களும் ஒரு சான்று. பணம் செலுத்திய அட்டையின் வகையும் கடைசி நான்கு இலக்கங்களும் இன்னொன்று. கடையில் பெட்டியாக வாங்கிய விளையாட்டு என்றால், அதில் அச்சிட்டிருக்கும் கீயும் சான்றாகும். அதற்கு ஒரு வழக்கம் உண்டு: டிக்கெட் எண்ணைப் பேனாவால் அந்தக் கீயின் பக்கத்தில் எழுதி, இரண்டும் தெரியும்படி படம் எடுத்து அனுப்ப வேண்டும். இணையத்தில் எங்கோ கிடைத்த படத்தை அனுப்பி ஏமாற்ற முடியாமல் இருப்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு.

இந்தச் சான்றுகள் எல்லாமே கணக்கின் தொடக்க காலத்தைப் பார்த்தவை. முதல் மின்னஞ்சல், முதல் அட்டை, முதல் கீ என்று பழையதாக இருக்கும் சான்றுக்கே வலு அதிகம். இந்த முறை திருட்டுக் கொடுத்தவர்களைக் காப்பாற்றவே உருவானது. திருடனும் நேற்று மாற்றிய மின்னஞ்சலைக் காட்ட முடியும். பத்து வருடத்துக்கு முந்தைய அட்டையைக் காட்ட முடியாது. காசு கொடுத்து வாங்கியவர் இந்த வரிசையில் திருடன் நிற்கும் இடத்திலேயே வந்து நிற்க நேர்கிறது. அவரிடம் இருப்பது புதிய சான்றுகள் மட்டும்தான்.

ஒரு கணக்கின் கதை

இதை ஓர் எடுத்துக்காட்டில் பார்க்கலாம். கல்லூரி மாணவர் ஒருவர் டெலிகிராமில் பார்த்த விற்பனையாளரிடம் 3,500 ரூபாயை யுபிஐயில் அனுப்பி, 42 விளையாட்டுகள் உள்ள கணக்கை ஜனவரியில் வாங்குகிறார். விற்பனையாளர் மின்னஞ்சலை மாணவரின் பெயருக்கு மாற்றித் தருகிறார். மாணவர் கடவுச்சொல்லை மாற்றி, தன் கைபேசியில் ஸ்டீம் கார்டையும் இணைக்கிறார். தன் காசில் 900 ரூபாய்க்கு இரண்டு விளையாட்டுகளும் வாங்கிச் சேர்க்கிறார். அதற்கு மேல் செய்ய ஒன்றும் இல்லை என்று நினைக்கிறார்.

மே மாதம் ஒரு காலையில் கடவுச்சொல் தவறு என்று வருகிறது. மின்னஞ்சல் பெட்டியில் இரண்டு கடிதங்கள்: முகவரி மாற்றப்பட்டது, ஸ்டீம் கார்டு நீக்கப்பட்டது. மாணவரின் கைபேசியைத் தொடாமலேயே ஸ்டீம் கார்டு நீங்கியிருக்கிறது. ஸ்டீம் சப்போர்ட் தானே அதை நீக்கியிருக்கிறது என்பதற்கு இது வலுவான அறிகுறி. அதாவது, யாரோ ஒருவர் பழைய சான்றுகளைக் காட்டி உரிமையை நிரூபித்துவிட்டார்.

மாணவர் டிக்கெட் போடுகிறார். அவரிடம் உள்ள சான்றுகள்: ஜனவரிக்குப் பிந்தைய தன் மின்னஞ்சல், 900 ரூபாய் வாங்கிய அட்டை, விற்பனையாளருடன் பேசிய ஸ்கிரீன்ஷாட்கள். எதிர்ப்பக்கம் இருப்பவரிடம் உள்ளவை: கணக்கைத் திறந்த மின்னஞ்சல், ஆண்டுக்கணக்கில் பணம் செலுத்திய அட்டை. முடிவு எந்தப் பக்கம் போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஸ்கிரீன்ஷாட்கள் அவருக்கு உதவவும் செய்யாது. கணக்கு விற்கப்பட்டது என்பதற்கு அவையே சாட்சி. கணக்கு கைமாறியது தெரிந்தால் ஸ்டீம் அதை மாணவருக்குத் தராது. யாருக்கும் திறக்காமல் பூட்டியே வைத்துவிடவும் கூடும்.

அப்படியென்றால் எதற்காக டிக்கெட் போட வேண்டும்? இரண்டு காரணங்கள் உண்டு. என்ன வகைப் பூட்டு என்பது உறுதியாகத் தெரியும். அடுத்து, பணத்துக்காகப் புகார் செய்யும்போது கணக்கு கைவிட்டுப் போனதற்கு எழுத்து மூலமான பதில் கையில் இருக்கும். நான்கு வரி எளிய ஆங்கிலம் போதும்: இந்தத் தேதியில் வெளியாளிடம் வாங்கினேன், இந்தத் தேதியில் நுழைய முடியாமல் போனது, கணக்கு எண் இது, நிலைமையைத் தெரிவிக்கவும்.

செய்யக் கூடாதவை

இந்த இடத்தில் பலர் செய்யும் தவறு, தாங்களே கணக்கைத் திறந்தவர்கள் என்று டிக்கெட்டில் எழுதுவது. விற்பனையாளரிடமிருந்து பழைய மின்னஞ்சலைக் கேட்டு வாங்கி, அதைத் தன்னுடையது என்று சொல்வதும் இதில் சேரும். உண்மையான சொந்தக்காரர் வேறொரு டிக்கெட்டில் சான்றுகளோடு காத்திருந்தால் பொய் உடனே வெளிப்படும். அந்தச் சொந்தக்காரர் திருட்டுக் கொடுத்தவர் என்றால், பொய் சொல்பவர் அந்தத் திருட்டை முடித்துவைக்க முயல்கிறார் என்றே பொருள்.

இரண்டாவது, மீட்டுத் தருகிறேன் என்று வருபவர்களை நம்புவது. கணக்கு போய்விட்டது என்று எங்காவது எழுதியவுடன், ஸ்டீம் ஊழியர் என்றும் சப்போர்ட்டில் ஆள் தெரியும் என்றும் சொல்லிக்கொண்டு டிஸ்கார்டிலும் டெலிகிராமிலும் தேடி வருவார்கள். வால்வ் ஊழியர்கள் அரட்டையில் வந்து கணக்கு விவகாரம் பேசுவதில்லை. இப்படி வருபவர் கேட்கும் கட்டணம் இரண்டாவது இழப்பாகத்தான் முடியும்.

மூன்றாவது, கோபத்தில் ஸ்டீம் மேலேயே பணத் தகராறு போடுவது. எடுத்துக்காட்டில் வரும் மாணவர் 900 ரூபாய்க்கு வாங்கிய விளையாட்டுகளை ஸ்டீம் முறையாகவே கொடுத்தது. அந்தப் பணத்தைத் திருப்பித் தரச் சொல்லி வங்கியில் புகார் செய்தால் கணக்கின் மேல் மூன்றாம் வகைக் கட்டுப்பாடும் விழும். தகராறு போட வேண்டியது விற்பனையாளருக்குப் போன 3,500 ரூபாய்க்குத்தான்.

காப்பாற்றக் கூடியவை

கணக்கு போனாலும், பல மணி நேரம் விளையாடிச் சேர்த்த முன்னேற்றம் எல்லாமே போய்விட வேண்டும் என்பதில்லை. தனி ஆளாக விளையாடும் பல விளையாட்டுகளின் சேமிப்புக் கோப்புகள் கணினியிலேயே கிடக்கும். சில விளையாட்டுகள் அவற்றை விண்டோஸின் Documents கோப்புறையில் வைக்கும். சில ஸ்டீமின் இந்தக் கோப்புறையில் வைக்கும்:

```
C:\Program Files (x86)\Steam\userdata
```

உள்ளே ஒவ்வொரு கணக்குக்கும் ஓர் எண் பெயரில் தனிக் கோப்புறை இருக்கும். ஸ்டீமை நீக்கிவிட்டுத் திரும்ப நிறுவுவதற்கு முன்பே இதை முழுதாக வேறொரு இடத்தில் நகலெடுத்து வைக்க வேண்டும். பின்னால் அதே விளையாட்டைச் சொந்தக் கணக்கில் வாங்கும்போது, பல விளையாட்டுகளில் பழைய சேமிப்பை எடுத்துப் போட்டு விட்ட இடத்திலிருந்து தொடரலாம். சேமிப்பைக் கணக்கு எண்ணோடு பிணைத்து வைக்கும் விளையாட்டுகளில் இது நடக்காது. இணையத்தில் மற்றவர்களோடு ஆடும் விளையாட்டுகளில் தரவரிசையும் பொருள்களும் சர்வரில் இருப்பதால் அவையும் வராது. ஆனால் இறக்கி வைத்த விளையாட்டுக் கோப்புகள் steamapps கோப்புறையில் அப்படியே இருந்தால், சொந்தக் கணக்கில் அதே விளையாட்டை வாங்கும்போது முழுதாக மறுபடி இறக்க வேண்டியிருக்காது.

அடுத்தது பணம். யுபிஐயில் தானே பின் எண்ணைப் போட்டு அனுப்பிய பணத்தை, தான் அனுமதிக்காத பரிவர்த்தனை என்று வங்கியிடம் சொல்ல முடியாது. ஆனால் ஏமாற்றிப் பறிக்கப்பட்டது என்று புகார் செய்யலாம். இந்தியாவில் அதற்கு 1930 என்ற உதவி எண்ணும் cybercrime.gov.in என்ற தளமும் இருக்கின்றன. பணம் விற்பனையாளரின் வங்கிக் கணக்கிலேயே இருந்தால் முடக்க முடியும், எடுத்துவிட்டால் கடினம் என்பதால் இதில் நாள் கடத்தக் கூடாது. மாதங்கள் கழித்துக் கணக்கு பூட்டிக்கொண்டவர்களுக்குப் பணம் திரும்பும் வாய்ப்பு அதனாலேயே குறைவு. புகாரில் யுபிஐ செயலியில் தெரியும் 12 இலக்க யுடிஆர் எண், பணம் போன யுபிஐ முகவரி, விற்பனையாளர் தந்த உறுதிமொழிகளின் ஸ்கிரீன்ஷாட், கணக்கின் 17 இலக்க எண், ஸ்டீமின் பதில் ஆகியவற்றைச் சேர்க்க வேண்டும். டெலிகிராம் உரையாடலை விற்பனையாளர் இரண்டு பக்கமும் அழித்துவிட முடியும். ஆகவே அவரிடம் சண்டைக்குப் போவதற்கு முன்பே ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட வேண்டும். கணக்கு வாங்கியது வால்வுடன் செய்த ஒப்பந்தத்துக்கு எதிரானதுதான். காசு வாங்கிக்கொண்டு ஏமாற்றியது அதிலிருந்து வேறான விஷயம். புகார் கொடுக்க அதற்காகத் தயங்க வேண்டியதில்லை.

இணையச் சந்தை ஒன்றின் வழியாக அட்டையில் பணம் செலுத்தியிருந்தால் முதலில் அந்தச் சந்தையின் புகார்ப் பக்கத்துக்குப் போக வேண்டும். பல சந்தைகள் குறிப்பிட்ட நாள்களுக்கு மட்டுமே உத்தரவாதம் தருகின்றன. அந்தக் கெடு தாண்டினால் அங்கே கேள்வி கேட்க இடம் இருக்காது. சந்தை கைவிரித்த பிறகு வங்கியிடம் போகலாம்.

சொந்தக் கணக்கு, வெளியில் வாங்கிய கீ

இதுவரை சொன்னதெல்லாம் கணக்கையே வாங்கியவர்களுக்கு. கணக்கைத் தானே திறந்து, விளையாட்டின் கீயை மட்டும் வெளியாளிடம் வாங்கிப் போட்டவரின் நிலை வேறு. திருட்டு அட்டையால் வாங்கப்பட்ட கீ என்று தெரியவந்தால் அந்தக் கீ ரத்தாகும், அந்த ஒரு விளையாட்டு பட்டியலிலிருந்து நீங்கும். கணக்கும் மற்ற விளையாட்டுகளும் பொதுவாக அப்படியே இருக்கும். இவரது கணக்கு ஒருவேளை திருடு போனால்கூட முதல் மின்னஞ்சல், முதல் அட்டை எல்லாம் இவருடையவை என்பதால் மீட்பது எளிது. போன விளையாட்டுக்கான பணத்தை ஸ்டீம் திருப்பித் தராது. 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருந்தால் பணம் திரும்பும் என்ற அதன் விதி, பொதுவாக ஸ்டீம் கடையில் நேரடியாக வாங்கியவற்றுக்குத்தான். கீயை விற்றவரிடம்தான் கேட்க வேண்டும்.

எடுத்துக்காட்டில் வந்த மாணவருக்கு மிஞ்சுவது இவ்வளவு: நகலெடுத்த சேமிப்புக் கோப்புகள், 1930-இல் பதிவான ஒரு புகார், இலவசமாகத் தன் பெயரில் திறக்கக்கூடிய புதிய கணக்கு. 42 விளையாட்டுகளில் அவர் உண்மையில் ஆடிக்கொண்டிருந்தவை ஐந்தோ ஆறோதான் இருக்கும். அவற்றைத் தள்ளுபடிக் காலத்தில் ஒவ்வொன்றாக வாங்கினால், முதல் மின்னஞ்சலும் முதல் அட்டையும் இந்த முறை அவருடையவையாகவே இருக்கும்.